198 எடுத்தவன் ஃபெயில், 191 எடுத்தவள் பாஸ்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மாணவி போன் செய்தாள். அவளுக்கே இப்போது கல்லூரி வயதில் மகள் இருக்கிறாள். "டீச்சர், பொண்ணு சி.ஏ. இண்டர்மீடியட் எழுதினா. 300-க்கு 147. மூணு மார்க்குல போச்சு. இவங்க அப்பா, போதும் நிறுத்திட்டு பேங்க் எக்ஸாம் எழுதட்டும்ங்கறாரு. உங்க அண்ணன் பையன் சி.ஏ.தானே? நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்கு முன் எனக்குத் தொண்டை அடைத்தது. பத்து வருடம் முன்பு இதே கேள்விக்கு நான் ஒரு பதில் சொன்னேன். அது தப்பான பதில். அதனால் போனது என் அண்ணன் மகனின் காலம். நம் சொந்தத்தில் இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் அவனை "ஏழு தடவை எழுதினவன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்த ஏழில் ஒன்றிரண்டு என் கணக்கில் எழுத வேண்டியவை. இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவனும் சொல்லவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அத்தை, மார்க்கையும் போட்டே எழுதுங்க" என்று சொல்லிவிட்டான்.

அண்ணனுக்கு நிலக்கோட்டையில் மளிகைக் கடை இருந்தது உங்களுக்குத் தெரியும். 2011-இல் பையன் பிளஸ் டூ வணிகவியல் முடித்தான். நுழைவுத் தேர்வை முதல் தடவையே தாண்டினான். அடுத்த வருடம் இரண்டாம் கட்டத் தேர்வில் ஒரு குரூப் தேறியது. அப்போதைய விதிப்படி ஒரு குரூப் தேறினால் ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்குச் சேரலாம். அதற்குப் பெயர் ஆர்ட்டிகிள்ஷிப். மூன்று வருடம். 2012 ஆகஸ்டில் சென்னையில் ஒரு நடுத்தர ஆபீஸில் சேர்ந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு தங்கினான். முதல் வருட ஸ்டைபண்ட் மாதம் 1,500 ரூபாய். அது அறை வாடகைக்கே பற்றாது. மாதம் நாலாயிரம் கடைக் கல்லாவிலிருந்து போகும். அண்ணி என்னிடம், "வேலைக்குப் போறவனுக்கு நாம பணம் அனுப்புறோமே, இது என்ன வேலை?" என்று கேட்பாள். அது வேலை இல்லை, படிப்பின் பாதி என்று புரிய எனக்கே இரண்டு வருடம் ஆனது.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் என்ன செய்வார்கள் என்று பலருக்குத் தெரியாது. முதல் வருடம் முழுக்க ஒரு பக்கம் கணக்குப் புத்தகம், ஒரு பக்கம் பில் கட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பச்சை மையில் டிக் போடுவது. மார்ச் 31 அன்று ஏதாவது ஆலையில் நின்று மூட்டை எண்ணுவது. ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட். ஜூலைக்குப் பிறகு வருமான வரி. செப்டம்பர் 30 வரி ஆடிட் அறிக்கைக்குக் கெடு. அந்த மாதம் இரவு பத்து மணிக்கு முன்னால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சில வருடங்களில் அரசாங்கம் கெடுவை அக்டோபருக்குத் தள்ளும். வியாபாரிகளுக்கு அது நிம்மதி. நவம்பரில் பரீட்சை வைத்திருக்கும் பையன்களுக்கு அதுதான் இடி.

இரண்டாம் வருடம் தீபாவளிக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னான். ஒரு கம்பெனியில் லாரி வாடகை பில்களுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தானாம். ஒரே லாரிக்காரர் கொடுத்த ஆறு மாத பில்கள். நம்பர் 41, 42, 43 என்று ஒன்றுகூட விடாமல் வரிசையாக இருந்ததாம். "அத்தை, அந்த லாரிக்காரருக்கு ஆறு மாசமா வேற வாடிக்கையே இல்லையா? இல்லாட்டி அந்த பில் புக்கு கம்பெனிக்காரர் மேஜைக்குள்ளேயே இருக்குதா?" என்றான். பெரியவரிடம் காட்டியிருக்கிறான். இரண்டாவதுதான் உண்மை. கணக்கெழுதுபவரே பில் எழுதிப் பணம் எடுத்திருக்கிறார். எனக்கு ஒரே பெருமை. கடையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பில் பார்த்த கண் அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படித் திருட்டைக் கண்டுபிடித்த பையன், பிறகு எந்த பேப்பரில் தோற்றான் தெரியுமா? ஆடிட் பேப்பரில்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் பாஸ் மார்க் விதி. நம் பள்ளியில் ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கினால் தேர்ச்சி. அந்தக் கணக்கில்தான் 34 வருடம் என் மூளை ஓடியது. சி.ஏ.வில் இரண்டு சல்லடை. ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும். அதோடு, குரூப்பின் மொத்தத்தில் பாதி மார்க் வேண்டும். எல்லா பேப்பரிலும் நாற்பது நாற்பதாக வாங்கினவன் ஃபெயில். மொத்தத்தில் பாதிக்கு மேல் வாங்கி, ஒரே ஒரு பேப்பரில் 39 வாங்கினவனும் ஃபெயில். அவன் எழுதிய காலத்தில் ஃபைனலில் குரூப்புக்கு நான்கு பேப்பர், மொத்தம் 400. ஆக, குரூப்புக்கு 200 வேண்டும்.

2015 நவம்பரில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினான். ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்தது ஆகஸ்டில். பெரியவர் கேட்டுக்கொண்டார் என்று செப்டம்பர் கடைசி வரை ஆபீஸில் இருந்தான். படிக்கக் கிடைத்தது ஒரு மாதம் சொச்சம். முதல் குரூப் 171, இரண்டாவது 164. இரண்டுமே போயிற்று. அண்ணன் என்னிடம்தான் வந்தார். "நீ டீச்சர், நீ சொன்னா கேப்பான்" என்றார். நானும் டீச்சர் தோரணையில், "ஒவ்வொரு குரூப்பா எழுதுடா கண்ணு. ரெண்டு படகுல கால் வைக்காதே" என்றேன். அந்த நேரத்துக்கு அது ஒன்றும் மோசமான யோசனை இல்லை. 65 மார்க் பின்தங்கி இருந்தவன், பாரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நியாயம்தான்.

2016 மே. முதல் குரூப் மட்டும். நிதி அறிக்கை 52, நிதி மேலாண்மை 61, ஆடிட் 38, கம்பெனிச் சட்டம் 51. மொத்தம் 202. மொத்தம் தாண்டிவிட்டது, ஆனால் ஆடிட்டில் இரண்டு மார்க் குறைவு. ஃபெயில்.

சி.ஏ.வில் மறு மதிப்பீடு கிடையாது. கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆனால் பணம் கட்டினால் விடைத்தாள் நகல் தருவார்கள். அப்போது ஒரு பேப்பருக்கு 500 ரூபாய். வாங்கச் சொன்னேன். எனக்குச் சி.ஏ. பாடம் தெரியாது. விடைத்தாள் பார்க்கத் தெரியுமே!

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கேள்வி கட்டாயம், 20 மார்க். மீதி ஆறில் ஐந்து எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 16. இவன் கடைசிக் கேள்வியில் பாதிதான் எழுதியிருந்தான். நேரம் போதவில்லை. எங்கே போனது நேரம் என்று முன்பக்கங்களைப் புரட்டினால் தெரிந்தது. சரக்கு வேறொருவர் குடோனில் இருக்கிறது, ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்னக் கேள்வி. இவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். மூட்டையை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது, அடியில் உமி மூட்டை வைத்து எப்படி ஏமாற்றுவார்கள் என்றெல்லாம். அத்தனையும் அவன் கண்ணால் பார்த்தது. அதற்கு விழுந்த மார்க் ஒன்றரை.

இதற்கு எதிர்பார்க்கும் விடை என்ன என்று கேட்டேன். எஸ்.ஏ. 501 என்று ஒரு தணிக்கைத் தரநிலை இருக்கிறதாம். குடோன்காரரிடம் சரக்கின் அளவையும் நிலையையும் உறுதி செய்து நேரடியாக எழுத்தில் வாங்க வேண்டும். தேவையென்றால் போய்ப் பார்க்க வேண்டும். போதிய ஆதாரம் கிடைக்காவிட்டால் அறிக்கையில் கருத்தை மாற்றி எழுத வேண்டும். ஏழெட்டு வரி. விதி என்ன சொல்கிறது, கொடுத்த சங்கதி அதில் எங்கே பொருந்துகிறது, ஆகவே முடிவு என்ன, இந்த மூன்றும்தான் விடை. இவன் முடிவை எழுதவே இல்லை. ஆபீஸில் நன்றாக வேலை கற்ற பையன்கள் ஆடிட் பேப்பரில் சறுக்குவது இப்படித்தான். தெரியும் என்ற தைரியத்தில் தரநிலைகளைப் படிக்காமல் சொந்த வார்த்தையில் எழுதிவிடுவார்கள். திருத்துபவர் தேடுவது அவருடைய விடைக்குறிப்பில் உள்ள வார்த்தையை. நானும் அப்படித்தானே திருத்தினேன்!

அந்தத் தோல்வியில் ஒரு லாபம் இருந்தது. ஒரு குரூப்பின் எல்லா பேப்பரையும் எழுதி, தேறாமல் போய், ஏதாவது ஒன்றில் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த பேப்பரை அடுத்த மூன்று தேர்வு வரை எழுத வேண்டாம். அந்த மார்க்கே கையில் இருக்கும். இதை எக்ஸம்ப்ஷன் என்பார்கள். இவனுக்கு நிதி மேலாண்மையில் 61 கையில் நின்றது.

இங்கேதான் நான் இடறினேன். நவம்பருக்கு விண்ணப்பிக்கும் நேரம். அவன் போன் செய்து, "அத்தை, முதல் குரூப்ல மூணு பேப்பர்தான் பாக்கி. மூணையும் ஒருதரம் நல்லா படிச்சாச்சு. இந்தத் தரம் ரெண்டு குரூப்பையும் சேர்த்துப் போட்டுடவா? சேர்த்து எழுதினா செட் ஆஃப் கிடைக்கும்" என்றான். செட் ஆஃப் என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. "ஆசைப்படாதே. கையில இருக்கறத முதல்ல முடி" என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். நான் சொன்னால் கேட்பான் என்றுதானே அண்ணன் என்னிடம் வந்தார்.

2016 நவம்பர் முடிவு. நிதி அறிக்கை 44, ஆடிட் 46, சட்டம் 47. ஆடிட்டில் எட்டு மார்க் ஏறியிருந்தது. மூன்றும் சேர்ந்து 137, கையிலிருந்த 61 சேர்ந்தால் 198. வேண்டியது 200.

இரண்டு மார்க்.

அன்று இரவு அவனுடன் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த ஒரு பெண் பாஸாகிவிட்ட செய்தி வந்தது. அவள் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியிருந்தாள். முதல் குரூப்பில் அவள் மார்க் 45, 51, 43, 52. கூட்டிப் பாருங்கள். 191. இவனைவிட ஏழு மார்க் குறைவு. இரண்டாவது குரூப்பில் 58, 49, 62, 43. அது 212. இரண்டும் சேர்ந்து 800-க்கு 403. எல்லா பேப்பரிலும் 40-க்கு மேல். இரண்டு குரூப்பையும் ஒரே தேர்வில் எழுதினால் மொத்தத்தைச் சேர்த்தும் பார்ப்பார்கள். ஒன்றில் மிச்சமான மார்க் மற்றதன் குறையை அடைக்கும். அதற்குப் பெயர்தான் செட் ஆஃப். நான் கேட்காமல் விட்ட அந்த வார்த்தை.

198 எடுத்தவன் ஃபெயில், 191 எடுத்தவள் ஆடிட்டர். விதி தெரியாத ஒருத்தி விதியைப் பற்றி யோசனை சொன்னதன் விலை இது. சேர்த்து எழுதியிருந்தால் அவன் கட்டாயம் பாஸாகியிருப்பான் என்று சொல்லவில்லை. இரண்டாவது குரூப்பில் 202 வாங்கியிருக்க வேண்டும், நான்கு பேப்பரிலும் 40 தாண்டியிருக்க வேண்டும். பாரம் கூடியதில் முதல் குரூப்பே இன்னும் குறைந்திருக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பு அவனுக்கு இருந்தது. தெரிந்தேதான் கேட்டான். நான் மூடிவிட்டேன். அதன்பிறகு இரண்டு மாதம் அவன் எனக்குப் போன் செய்யவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 மே மாதம் முதல் குரூப் 205 வாங்கித் தேறினான். முதல் குரூப் தேறியபின் இரண்டாவதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், செட் ஆஃப் பேச்சே கிடையாது. 2017 நவம்பரில் கம்ப்யூட்டர் தணிக்கை பேப்பரில் 37. அதற்குள் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. அந்த நவம்பர் வரை பழைய கலால் வரி, சேவை வரியைத்தான் கேட்டார்கள். 2018 மே முதல் மறைமுக வரி பேப்பர் ஜி.எஸ்.டி.க்கு மாறிவிட்டது. மூன்று வருடமாகத் தயாரித்த நோட்டுகளை எடைக்குப் போட்டான். அந்த மே மாதமும் மொத்தத்தில் ஆறு மார்க் குறைந்தது. இதற்கிடையில் பகலில் ஆபீஸில் சம்பளத்துக்கு உட்கார்ந்து வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தான். அது கைகொடுத்தது. 2018 நவம்பரில் அதே மறைமுக வரியில் 64, குரூப் மொத்தம் 211. முடிவு 2019 ஜனவரியில் வந்தது. அண்ணன் கடையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார்.

ஏழாவது தடவை பாஸானவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பீர்கள். நேராகவே சொல்கிறேன், முதல் கதவு கொஞ்சம் குறுகலாக இருந்தது. புதிதாகத் தேறியவர்களுக்கு இன்ஸ்டிடியூட்டே கம்பெனிகளை அழைத்து கேம்பஸ் நடத்துகிறது. பெரிய கம்பெனிகளில் பல, எத்தனையாவது தடவையில் பாஸ் என்று பார்த்துத்தான் கூப்பிடும். அந்தப் பெண் அந்த வழியில் ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவுக்குப் போய்விட்டாள். இவனுக்கு அழைப்பு வரவில்லை. பழைய ஆபீஸிலேயே ஒரு வருடம் சம்பளத்துக்கு இருந்தான். கொரோனாவில் ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. தொழில் செய்வதற்கான சான்றிதழை இன்ஸ்டிடியூட்டில் வாங்கித் திண்டுக்கல்லில் ஆபீஸ் போட்டான்.

அண்ணன், "உள்ளூர் கேபிள்ல ஒரு விளம்பரம் கொடுப்போம்" என்றார். கூடாது. ஆடிட்டர் விளம்பரம் செய்து வாடிக்கையாளரைப் பிடிப்பது அவர்களுடைய அப்போதைய நடத்தை விதிப்படி குற்றமாக இருந்தது. வாசலில் ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். முதல் வருடம் பதினோரு வாடிக்கையாளர்கள். எல்லோரும் பூ மார்க்கெட், மளிகை, பூட்டுக் கடை என்று அண்ணனைத் தெரிந்தவர்கள். ரிட்டர்ன் போடும் வேலையை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது, அதை 500 ரூபாய்க்குச் செய்துகொடுக்க அடுத்த தெருவிலேயே ஆள் இருக்கிறார். ஆடிட்டரின் கையெழுத்து மட்டுமே செல்லும் இடம் வேறு. கம்பெனிக் கணக்குத் தணிக்கையும், வருமான வரிச் சட்டப்படியான ஆடிட்டும்தான் அவை. அந்த வரி ஆடிட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும். வியாபாரத்தில் விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டினால் ஆடிட் என்பது பொது விதி. வரவிலும் செலவிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த எல்லை 10 கோடி வரை போகிறது. எல்லாம் ரொக்கத்தில் நடக்கும் பூ மார்க்கெட்டில் அவனுக்கு வேலை இருப்பது அதனால்தான். பிறகு ஒரு வங்கிக் கிளையில் மாதாமாதம் நடக்கும் உடனிகழ் தணிக்கை கிடைத்தது. அது வந்தபிறகுதான் ஆபீஸ் வாடகையைப் பற்றிய கவலை விட்டது என்றான். இப்போது அவனிடம் இரண்டு பிள்ளைகள் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறார்கள். செப்டம்பரில் அவர்களை ஏழு மணிக்கு மேல் உட்கார வைப்பதில்லையாம்.

அந்த மேன்ஷன் அறையில் இருந்த மூன்றாவது பையனையும் சொல்ல வேண்டும். ஃபைனலை நான்கு தடவைக்கு மேல் அவன் எழுதவில்லை. இண்டர் தேறி மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் முடித்த கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். இன்று அங்கே தலைமைக் கணக்கர். ரொம்ப நாள் வரை சம்பளத்தில் இவனைவிட அவன்தான் மேலே இருந்தான். கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

இப்போது என் மாணவியின் மகளுக்கு வருகிறேன். விதிகள் 2023-இல் மாறிவிட்டன. அண்ணன் மகனைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன், இந்த முறை நானாக எதுவும் சொல்லவில்லை. இண்டரில் இப்போது ஆறு பேப்பர், குரூப்புக்கு மூன்று. 300-க்கு 150 வேண்டும். இரண்டு குரூப்பும் தேறினால்தான் ஆர்ட்டிகிள்ஷிப். அது இப்போது இரண்டு வருடம்தான், லீவு வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். ஆபீஸ் வேலையும் பரீட்சையும் இவன் காலத்தில் மோதிக்கொண்டதுபோல இனி மோதாது. இண்டர் தேர்வும் வருடத்துக்கு மூன்று முறை வருகிறது.

அந்தப் பெண் முதல் குரூப் மட்டும் எழுதியிருக்கிறாள். கணக்கு 52, சட்டம் 41, வரி 54. 147. எதிலும் 60 இல்லை, அதனால் கையில் எதுவும் நிற்காது, மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். மே மாதம் இதே 147-ஐ வாங்கினாலும், கூடவே இரண்டாவது குரூப்பை எழுதி அதில் 153 வாங்கினால் மொத்தம் 300. பாஸ். தனியாக எழுதினால் அதே 147 மறுபடி ஃபெயில்.

ஆனால் இரண்டாவது குரூப்பை அவள் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று தெரியாமல் சேர்த்து எழுதச் சொல்ல முடியாது. அண்ணன் மகன் ஒரு வழி சொன்னான். ஒரு வாரத்துக்குள் இரண்டாவது குரூப்பில் மாதிரித் தேர்வு எழுத வேண்டும். வீட்டில், கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம். மூன்று பேப்பரும் 35-ஐத் தாண்டினால் சேர்த்துப் போடலாம், மீதி நாளில் அது 50-ஐத் தொடும். ஏதாவது ஒன்று 25-க்குக் கீழே இருந்தால் வேண்டாம், அந்த ஒன்று 40-ஐத் தொடாமல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் குரூப்பை மட்டும் போடுவதானால் குறியை 150-இல் வைக்காமல், வரியில் 60-க்கு மேல் என்று வைக்கச் சொன்னான். அது தவறிப் போனாலும் ஒரு பேப்பர் கையில் நிற்கும். 60 நின்றால் மீதி இரண்டில் 90 வேண்டும். 70 நின்றால் 80, அதாவது நாற்பது நாற்பது போதும். பத்து மார்க்கில் அவ்வளவு வித்தியாசம். சட்டத்தில் 41 என்பது நூலிழையில் தப்பியது, அந்த விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்காமல் மறுபடி புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னான்.

நேற்று அந்தப் பெண் மூன்று மாதிரித் தேர்வையும் முடித்து வாட்ஸ்அப்பில் விடைத்தாள்களை அனுப்பினாள். அண்ணன் மகன் ராத்திரி உட்கார்ந்து திருத்திக் கொடுத்தான். அடக்கவிலை 43, தணிக்கை 36, நிதி மேலாண்மை 47. அடக்கவிலையில் கடைசி ஒன்பது மார்க் கேள்வியைத் தொடவே இல்லை. தணிக்கையில் விடைகள் நீளம், முடிவு இல்லை.

அந்த விடைத்தாளைப் பார்த்துவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு குரூப்புக்கும் விண்ணப்பித்தாயிற்று. அவள் அப்பாவிடம் அண்ணன் மகனே பேசினான். வாரம் இரண்டு தணிக்கை விடை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பாடம் எனக்குத் தெரியாது. விடையில் முடிவு எழுதியிருக்கிறாளா இல்லையா என்று மட்டும் பார்ப்பேன்.